வெண்டிக்காய் வழும்பும் மாமாவின் காலைக் குளிசையும்

விசுவமடுவில் மாமா வீட்டுக்குப் போனால் குசினி யன்னலோரத்தில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் மூடியபடி இருக்கும். இரவு படுக்கும் முன் நான்கு வெண்டிக்காயை நீளவாக்கில் பிளந்து தண்ணீரில் போட்டு வைப்பார். விடிந்ததும் காயை எறிந்துவிட்டு, முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும் அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த குளிசையையும் அந்தத் தண்ணீரோடேயே விழுங்கிவிடுவார். "உது குடிச்சா சீனி இறங்குமாம் தம்பி, வீடியோவில சொன்னவங்கள்" என்பது அவருடைய விளக்கம்.

அதே குசினிக்குள் அம்மம்மா நிற்பார். பேத்திக்கு லேசான இருமல் என்றால் அன்று வெண்டிக்காய்ப் பால்கறி அவளுடைய கோப்பைக்குப் போகாது. "உந்த வழும்பு நெஞ்சில போய்ச் சளியா நிக்கும்" என்று அம்மம்மா சொல்வது நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து கேட்கிற பாட்டு. ஒரே வீட்டில், ஒரே தோட்டத்து வெண்டிக்காயின் வழும்பு ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு நஞ்சு.

அம்மம்மாவின் பயத்துக்கு ஆதாரம் இல்லை. வழும்பு நஞ்சும் இல்லை, சளியும் வைக்காது. மாமாவின் நம்பிக்கையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அதைக் குளிசையோடு சேர்த்துக் குடித்த விதம்தான் பிழை. இரண்டையும் விளங்கிக்கொள்ள அந்த வழுவழுப்பு எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும்.

வெண்டிக்காயை வெட்டாமல் கையில் எடுத்தால் வழும்பு தெரியாது. காயின் சதைச் சுவருக்குள் அதைச் சேமிக்கிற கலங்களும் சிறு பைகளும் இருக்கின்றன. கத்தி அவற்றைக் கிழிக்கும்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. அதனால்தான் சிறிதாக வெட்ட வெட்ட வழும்பு கூடுகிறது: வெட்டு எத்தனையோ அத்தனை பைகள் கிழிகின்றன. இது வெண்டிக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. செவ்வரத்தை இலையைக் கசக்கித் தலைக்கு வைக்கிறோமே, அந்த வழுவழுப்பும் இதன் உறவுதான். வெண்டி, செவ்வரத்தை, பூவரசு, பருத்தி, துத்தி எல்லாம் ஒரே குடும்பம். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற இந்தப் பொருள் செடிக்கு ஒரு சேமிப்பு. மாசி முடிந்து மண் வெடிக்கத் தொடங்குகிற வன்னியில், கிணற்றுத் தண்ணீரை நம்பி நிற்கிற ஒரு செடிக்கு அது தேவையானதுதான்.

நூறு கிராம் பச்சை வெண்டிக்காயில் 90 கிராமளவு தண்ணீர்தான். நார்ப்பொருள் ஏறத்தாழ 3 கிராம். வழும்பு அந்த நார்ப்பொருளில் தண்ணீரில் கரைகிற பங்கைச் சேர்ந்தது. இவ்வளவு கொஞ்சப் பொருள் ஒரு கிளாஸ் தண்ணீரையே இழுபட வைப்பதுதான் இதில் வேடிக்கை.

வழும்பு என்பது சீனி அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த மிக நீண்ட சங்கிலி. சீனி என்றதும் மாமா திடுக்கிட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. இது இனிக்கிற சீனி போல உடலுக்குள் உடைந்து இரத்தத்துக்குப் போகாது, ஏனென்றால் இந்தச் சங்கிலியை வெட்டுகிற நொதியம் மனித உடலில் இல்லை. சங்கிலியின் முதுகெலும்பில் இரண்டு வகை அலகுகள் மாறி மாறி வருகின்றன: ஒன்று ராம்னோஸ் என்ற சீனி, மற்றது கலக்டுரோனிக் அமிலம். அந்த முதுகெலும்பிலிருந்து கலக்டோஸ் என்ற இன்னொரு சீனி குட்டிக் கிளைகளாக நீட்டிக்கொண்டு நிற்கும். இவற்றோடு கொஞ்சம் புரதமும், கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் போன்ற கனிமங்களும் ஒட்டியிருக்கும். இவ்வளவுதான். பொதுவாகச் சொன்னால் இது பெக்டின் குடும்பம். விளாம்பழ ஜாம் இறுகுவதற்குக் காரணமான அதே பெக்டின்.

சரி, அப்படியானால் வெண்டிக்காய்க் கறி ஏன் ஜாம் போல இறுகுவதில்லை? ஜாமில் பெக்டின் சங்கிலிகள் நேராகக் கிடந்து ஒன்றோடொன்று பக்கம் பக்கமாகப் பொருந்திக்கொள்ளும். வெண்டியின் சங்கிலியிலோ ராம்னோஸ் வரும் இடமெல்லாம் ஒரு வளைவு, அதிலிருந்து கிளை வேறு. முள்ளுக் கம்பிச் சுருளை நினைத்துப் பாருங்கள். இரண்டு சுருளைப் பக்கத்தில் வைத்தால் சிக்கும், ஆனால் அடுக்காது. வெண்டிச் சங்கிலிகளும் அப்படித்தான். சிக்கிக்கொள்வதால் கரண்டியைத் தூக்கும்போது நூல் இழுக்கிறது. அடுக்கிக்கொள்ளாததால் கட்டியாகாமல் வழுகுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அடுப்படியில் நடப்பதெல்லாம் அதைச் சார்ந்ததுதான். கலக்டுரோனிக் அமில அலகுகள் தண்ணீரில் மறை மின்னேற்றம் பெறும். ஒரே ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் சங்கிலி சுருண்டு கிடக்காமல் விறைத்து நீளும், தன்னைச் சுற்றி நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஏற்றத்தை அடக்கினால் சங்கிலி சுருண்டுவிடும், வழுவழுப்புக் குறையும். எங்கள் ஆச்சிமார் வெண்டிக்காய்க்குப் புளி விட்டது இதைத்தான் செய்தது.

மாமாவுக்கு இதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை. அதனால் மூன்று கிளாஸ் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீர், இரண்டு பிஞ்சுக் காயை மெல்லிய வளையமாக வெட்டிப் போட்டு அரை மணி நேரம் ஊற விட்டோம். பிறகு ஒரு கிளாஸில் அரைத் தேசிக்காய் பிழிந்தோம், இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி உப்புக் கலக்கினோம், மூன்றாவதைத் தொடவில்லை. கரண்டியால் கோலித் தூக்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தொடாத கிளாஸில் ஒரு சாண் நூல் இறங்கியது. தேசிக்காய் விட்டதில் நூல் கட்டையாக அறுந்து, தண்ணீர் போலச் சொட்டியது. உப்புப் போட்டது இரண்டுக்கும் நடுவில் நின்றது. அமிலம் அந்த மறை ஏற்றத்தை நேரே போக்கிவிடுகிறது. உப்பு அதைப் போக்குவதில்லை, சுற்றி நின்று மறைக்கிறது. மாமா மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப தேசிக்காய் பிழிஞ்சு குடிக்கலாமே" என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

புளிக்குழம்புக்காரர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பழப்புளி வழும்பை அடக்கும், ஆனால் புளிப்பில் வேகும் மரக்கறி கெதியாக மெத்தென்று ஆகாது. அதோடு பச்சை நிறமும் போய் மங்கிய தவிட்டுப் பச்சையாகும். ஆகவே வெண்டியைத் தாச்சியில் எண்ணெய் விட்டு வதக்கிப் பாதி வேக வைத்த பிறகு புளிக்கரைசலை ஊற்றுவதுதான் நல்லது. வதக்கும்போது நடப்பது எளிய விஷயம். வழும்பு தண்ணீர் இருந்தால்தான் வழும்பு. சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போனால் மிஞ்சுவது காயோடு ஒட்டிய மெல்லிய படலம், கை வைத்தால் ஒட்டவும் ஒட்டாது. வதக்கும்போது மூடி போட்டால் ஆவி திரும்ப இறங்கி வேலையைக் கெடுக்கும். வெட்டிய பிறகு கழுவுவது அதைவிட மோசம். பைகளைக் கிழித்துவிட்டு அதன்மேல் தண்ணீரும் விடுகிறோம். காயைக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு வெட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கிராமத்தில் சிலர் நிறம் போகாமல் இருக்க அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். நிறம் நிற்கும், ஆனால் அமிலத்துக்கு நேரெதிராக அது வழும்பைக் கூட்டும், காயும் கூழாகும்.

பால்கறியில் இந்தத் தந்திரங்கள் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே வழும்புதான் தேங்காய்ப்பாலைத் திரளாகப் பிடித்து வைக்கிறது. அதை வெறுத்துவிட்டு, கட்டியாக வரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

இனி அம்மம்மாவின் சளி. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சுச் சளியை உண்டாக்குவது எங்கள் மூச்சுக்குழாயின் கலங்கள். அது மியூசின் என்ற, சீனிக் கிளைகள் நிறைந்த ஒரு புரதம். கிருமியோ தூசியோ பட்டால் உடம்பே அதைக் கூட்டிச் சுரக்கிறது. வெண்டியின் வழும்போ தாவர மாச்சத்து. விழுங்கியது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது, நெஞ்சுக்குப் போவதில்லை. குடலிலிருந்து முழுதாக இரத்தத்துக்கு ஏறவும் அதற்கு வழி இல்லை, அவ்வளவு பெரிய சங்கிலி குடல் சுவரைத் தாண்டாது. ஆகவே நெஞ்சில் போய் நிற்க அதற்குப் பாதையே கிடையாது. இதே காரணத்தால், வெண்டி வழும்பு முழங்காலில் எண்ணெய் போடும் என்று பரவுகிற கதையும் பிழை. மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பு வேறு பொருள், அதையும் உடம்பே செய்கிறது.

அம்மம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சர்பத்தில் கசகசா மிதந்தது, ஊறி ஊறி ஒவ்வொரு விதையும் ஒரு வழும்புப் பையாக நின்றது, அதைப் பேத்திக்குக் கொடுத்தீர்களே? "அது குளிர்மை, இது வழும்பு" என்றார். இருமல் மாறும் வரைக்கும் பேத்திக்கு வெண்டி கிடையாது என்ற சட்டம் இன்னும் நிற்கிறது. சமைத்த காய்தானே, கிடைக்காவிட்டால் பெரிய நட்டமில்லை. நான் விட்டுவிட்டேன்.

இரைப்பைக்குப் போன வழும்புக்கு என்ன நடக்கிறது? அங்கே அமிலம் தேசிக்காயைவிடக் கடுமையாக இருக்கும், ஆகவே சங்கிலிகள் சுருண்டு வழும்பு இளகும். சிறுகுடலுக்கு இறங்கியதும் அமிலம் தணிந்துவிடும், ஏற்றம் திரும்பும், சங்கிலிகள் மறுபடி விரியும். மாமாவின் தேசிக்காய்க் கேள்விக்குப் பதில் இதுதான். கிளாஸில் தேசிக்காய் விட்டால் குடிக்க இலகுவாக இருக்கும், ஆனால் சங்கிலி அழிவதில்லை, சுருண்டு மட்டும் இருக்கிறது. குடலில் அது திரும்பவும் தன் வேலையைப் பார்க்கும்.

சிறுகுடலில் அது செய்வது தண்ணீரைப் பிடித்து உணவுக் கூழைத் தடிப்பாக்குவது. தடித்த கூழுக்குள் இருக்கிற குளுக்கோஸ் குடல் சுவரைப் போய்ச் சேர நேரம் எடுக்கும், ஆகவே சாப்பிட்ட பிறகு இரத்தச் சீனி செங்குத்தாக ஏறாமல் சாய்வாக ஏறும். கரையும் நார்ப்பொருள் எல்லாவற்றுக்கும் உள்ள குணம் இது, வெண்டிக்கு மட்டும் வந்த வரம் ஒன்றும் இல்லை. மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற இசப்பகோல் உமி இதைவிடப் பலமாகச் செய்யும். செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்த வழும்பை அங்கே வாழும் நுண்ணங்கிகள் நொதிக்க வைத்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றும். குடல் சுவரின் கலங்களுக்கு அவை உணவு. கூடவே வாயுவும் வரும். நார்ப்பொருள் பழக்கமில்லாதவர் ஒரேயடியாக நிறைய வெண்டி சாப்பிட்டால் வயிறு ஊதுவதற்குக் காரணம் இதுதான். வழும்பு குடலில் பசை போல ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் நேரெதிராக யோசிக்கிறார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற பொருள் மலத்தை இளக்கும், கட்டாது.

கரைசலில் மிதக்கிறவற்றைப் பற்றிக்கொள்கிற பழக்கமும் இந்தச் சங்கிலிகளுக்கு உண்டு. இந்தியாவில் கரும்புச்சாறு காய்ச்சி வெல்லம் செய்கிறவர்கள், சாற்றில் உள்ள அழுக்கைத் திரட்டி மேலே கொண்டுவர வெண்டித் தண்டைத் தண்ணீரில் கசக்கி எடுத்த வழும்பை ஊற்றுவார்கள். நுரையோடு அழுக்கு மிதந்து வரும், அகப்பையால் அள்ளி எறிந்துவிடுவார்கள். ஜெர்மனியில் ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு ஆய்வில், இரைப்பைப் புண்ணோடு தொடர்புள்ள ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்வதை வெண்டிச் சாறு தடுத்தது. ஆனால் அது உடலுக்கு வெளியே, ஆய்வுகூடத்தில் எடுத்த திசுவில் செய்தது. அதை வைத்து வெண்டி சாப்பிட்டால் புண் ஆறும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு இங்கே வேண்டியது ஒரு விஷயம்தான்: வழும்பு சும்மா இருக்கிற பொருள் இல்லை. தடிப்பாக்கும், பற்றிக்கொள்ளும்.

அதைக் குளிசையோடு சேர்த்துக் குடித்தால்?

மாமா எடுப்பது மெட்போமின். எங்கள் கிளினிக்குகளில் சீனி வருத்தக்காரர் பலருக்கு முதலில் கொடுப்பது அதுதான். அது வேலை செய்ய வேண்டுமானால் சிறுகுடலில் உறிஞ்சப்பட வேண்டும். பங்களாதேசத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்கு வெண்டிக்காயின் தண்ணீரில் கரையும் பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸோடு கொடுத்தபோது இரத்தத்தில் சீனி ஏறுவது குறைந்தது, அதாவது வீடியோக்காரர் சொன்னது ஓரளவு சரி. ஆனால் சீனி வருத்தம் உண்டாக்கிய எலிகளுக்கு மெட்போமினையும் வெண்டித் தண்ணீரையும் ஒன்றாகக் கொடுத்தபோது மெட்போமின் தன் வழக்கமான வேலையைச் செய்யவில்லை, சீனி இறங்கவில்லை. குளுக்கோஸைத் தடுத்த அதே குணம் மருந்தையும் தடுத்துவிட்டது.

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாது. எலிக்குக் கொடுத்த அளவும் நாங்கள் கறியில் சாப்பிடுகிற அளவும் ஒன்றல்ல. ஆனால் மாமா செய்தது கறி சாப்பிட்டது இல்லையே. வெறும் வயிற்றில், கரையக்கூடிய வழும்பை மட்டும் தனியே வடித்து, அதையே குளிசைக்குத் தண்ணீராக்கினார். அந்த ஆய்வில் செய்த பரிசோதனைக்கு இதைவிடக் கிட்ட வீட்டில் ஒருவர் போக முடியாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: மெட்போமின் வயிற்றைப் புரட்டக்கூடிய மருந்து, அதனால் அதைச் சாப்பாட்டோடு எடுக்கத்தான் சொல்வார்கள்.

வெண்டித் தண்ணீர் தொடங்க முன் மாமாவின் வெறுவயிற்றுச் சீனி கிளினிக் கொப்பியில் 138. ஒரு மாதம் கழித்து 151. இதைப் பார்த்ததும் வெண்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மாதத்தில் அவருடைய இளைய மகளின் கலியாணம் நடந்தது, பலகாரப் பெட்டி மூன்று நாள் திறந்தே இருந்தது. 13 புள்ளி வித்தியாசம் ஒரு நாளின் தூக்கக் குறைவாலும் வரும். இரண்டு அளவீட்டை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. குளிசையையும் தண்ணீரையும் பிரித்தது காரணம் நிரூபணமானதால் இல்லை. பிரிப்பதில் நட்டம் ஒன்றும் இல்லாததால்.

கிளினிக்கில் டாக்டரிடம் மாமா இதைச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்குச் சினம். "மருந்து இல்லையே தம்பி, மரக்கறித் தண்ணிதானே, உதை ஏன் சொல்லுவான்" என்றார். குடிப்பது மரக்கறித் தண்ணீராக இருந்தாலும், சீனிக்காகக் குடிக்கிறோம் என்றால் அதை மருந்தின் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். குளிசையின் அளவைத் தீர்மானிக்கிறவருக்கு அது தெரியாவிட்டால், சீனி ஏறினால் அளவைக் கூட்டுவார். பிறகு ஒரு நாள் மாமா வெண்டித் தண்ணீரை நிறுத்திவிட்டால் கூட்டிய குளிசை தனியே நிற்கும். அடுத்த முறை நானும் கூடப் போய்ச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. வழும்புத் தண்ணீரைக் குளிசையிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொன்னார், இசப்பகோல் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வதாகச் சொன்னார். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த மருந்தின் உறிஞ்சலையும் நார்ப்பொருள் குழப்பும்.

வழும்போடு சேர்த்துப் பேசப்படுகிற வேறு சில தொல்லைகள் உண்மையில் வழும்பால் வருவதில்லை. வெண்டி ஆய்கிறவர்களுக்குக் கை கடிப்பது ஒன்று. அது காயின் மேலுள்ள சுணையால் வருகிறது, நீளக்கைச் சட்டையும் கையுறையும் போட்டால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது காயிலுள்ள விற்றமின் கே. நூறு கிராமில் ஏறத்தாழ 31 மைக்ரோகிராம் இருக்கிறது. கீரையோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான், ஆனால் ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றும் இல்லை என்று மாறி மாறிச் சாப்பிடாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரக நோய்க்காரருக்குப் பொற்றாசியம், சிறுநீரகக் கல் வந்தவருக்கு ஒக்சலேற்று. வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளில் வெண்டித் தண்ணீரை நாளாந்தப் பழக்கமாக்குவதற்கு முன் கிளினிக்கில் கேட்கத்தான் வேண்டும். இதற்கும் வழுவழுப்புக்கும் தொடர்பில்லை. வழும்பை முழுதாகப் போக்கிச் சமைத்தாலும் பொற்றாசியம் காயில் இருக்கும்.

உண்மையில் கெட்ட வழும்பு என்று ஒன்று இருக்கிறது, அதை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். அது காயின் உள்ளே இராது, வெளியே இருக்கும். சந்தையில் வாங்கிய வெண்டியைப் பொலித்தீன் பையோடு குளிரூட்டியின் அடித்தட்டில் நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள். வெண்டி சூட்டு நாட்டுப் பயிர், 7 பாகைக்குக் கீழே குளிர் தாங்காது. தோலில் குழி விழும், கறுப்புப் புள்ளி வரும், பிறகு அந்த இடங்களில் பக்டீரியாவும் பூஞ்சணமும் குடியேறும். வெட்டாத காயே கையில் வழுகினால், காம்புப் பக்கம் கறுத்து மெத்தென்றிருந்தால், புளித்த மணம் அடித்தால், அது அழுகல். தேசிக்காயாலோ சூட்டாலோ சரிக்கட்ட நினைக்காமல் குப்பைக்குப் போட வேண்டும். நல்ல காயின் வழும்பு நிறமில்லாமல், மணமில்லாமல், வெட்டிய இடத்தில் மட்டும் இருக்கும். இரும்புத் தாச்சியில் வெண்டி கறுப்பது மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. காயிலுள்ள பொருட்கள் இரும்போடு சேர்ந்து நிறம் மாறுகின்றன, சாப்பிடலாம். ஈரம் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, குளிரூட்டியின் கதவுப் பக்கம் வைத்தால் மூன்று நாள் தாங்கும். தோட்டம் உள்ளவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. பூத்து ஐந்தாறு நாளில் ஆய்ந்து அன்றே சமைத்துவிடலாம். விட்டால் முற்றிவிடும், நுனியை முறித்துப் பார்த்தால் முறியாமல் வளையும்.

மாமா வெண்டித் தண்ணீரை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. இப்போது காலைக் குளிசை புட்டோடும் சுடுதண்ணீரோடும் போகிறது. வெண்டிக் கிளாஸ் பின்னேரம் நாலு மணிக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போக முன். கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் அவருடைய கோணல் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "வெண்டித் தண்ணி, நாலு மணி." அடுத்த முறை டாக்டர் கொப்பியைத் திருப்பிப் பார்க்காவிட்டால் தானே எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார்.